வந்த வேலையை மறுப்பது: நான்கு வழிகளும் ஒரு சனிக்கிழமையும்

ஒரு வியாழக்கிழமை மாலை ஆறு மணி இருக்கும். கோயம்புத்தூரிலிருந்து அக்கா மகள் அழைத்தாள். "மாமா, ஒரகடத்திலிருந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. ஆனால் எனக்கு அது வேண்டாம். அவர்கள் மனம் கோணாமல் எப்படிச் சொல்வது?" என்றாள்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கும் பிரிவில் இருந்தவன் நான். ஆஃபர் கொடுப்பவனின் நாற்காலியிலேயே உட்கார்ந்து பழகியதால், மறுப்புக் கடிதங்களை வாங்கித்தான் எனக்குப் பழக்கம், எழுதிப் பழக்கமில்லை. ஒரு விதத்தில் அது நல்லதுதான். எந்தக் கடிதம் எங்களுக்கு எரிச்சலூட்டியது, எந்தக் கடிதத்துக்குப் பிறகும் அந்த ஆளை மீண்டும் கூப்பிடத் தோன்றியது என்பது நினைவிருக்கிறது.

அவளுடைய நிலைமை இது. ஆறு ஆண்டுகளாகக் கோவையில் ஒரு பம்பு நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளர். ஆண்டுக்கு 7.8 லட்சம் சம்பளம், 60 நாள் நோட்டீஸ் பீரியட். சென்னைக்கு அருகே உள்ள ஒரகடத்து வாகன உதிரிபாக நிறுவனம் மூன்று சுற்று நேர்காணல் நடத்தி 11.4 லட்சத்துக்கு ஆஃபர் தந்திருந்தது. திங்கட்கிழமை மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும். இதற்கிடையில் கோவையிலேயே இன்னொரு பம்பு நிறுவனம் 10.2 லட்சத்துக்கு வாய்மொழியாக ஒப்புக்கொண்டு, சனிக்கிழமை கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தது. சம்பளம் குறைவானாலும் அங்கேதான் போக வேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அந்த முடிவு சரியா தவறா என்பது இங்கே பேச்சில்லை. முடிவு எடுத்த பிறகு அதை எப்படித் தெரிவிப்பது என்பதுதான் பேச்சு.

அவள் முன் நான்கு வழிகள் இருந்தன. ஒன்றும் சொல்லாமல் இருந்து, திங்கட்கிழமைக் கெடுவைத் தானாகத் தாண்டவிடுவது. காரணம் சொல்லாமல் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்புவது. எல்லாவற்றையும் விளக்கி ஒரு நீண்ட கடிதம் எழுதுவது. முதலில் போனில் சொல்லிவிட்டு, பிறகு ஒரு சிறிய கடிதத்தால் அதை உறுதிப்படுத்துவது. அவளுக்கு மூன்றாவது பிடித்திருந்தது. அன்றிரவே ஒரு பக்கத்துக்கு மேல் எழுதியும் வைத்துவிட்டாள்.

இவற்றை எடைபோட, அந்தப் பக்கம் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒரு பதவிக்கு நேர்காணல் முடிந்ததும் பெரும்பாலும் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். முதலாமவருக்கு ஆஃபர் போகும். இரண்டாமவரிடம் "இன்னும் முடிவாகவில்லை, சில நாளில் சொல்கிறோம்" என்று எச்.ஆர் இழுத்துக்கொண்டிருப்பார். முதலாமவர் ஒப்புக்கொண்டதும் இரண்டாமவருக்கு வருத்தக் கடிதம் போய்விடும். நிறுவனத்துக்கு உங்கள் மறுப்பால் வரும் நஷ்டம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. வருத்தக் கடிதம் போவதற்கு முன் நீங்கள் மறுத்தால், எச்.ஆர் அன்று மாலையே இரண்டாமவரை அழைத்து ஆஃபர் தந்துவிடுவார். ஒரு நாள் வேலை கூடும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு மறுத்தால் கதை வேறு. இரண்டாமவர் வேறு இடத்தில் ஒப்புக்கொண்டிருப்பார், அல்லது ஒரு முறை வேண்டாம் என்றவர்கள் மீண்டும் கூப்பிடுகிறார்களே என்று முறுக்கிக்கொள்வார். விளம்பரம், சுயவிவரங்கள், மூன்று சுற்று நேர்காணல் என்று எல்லாம் முதலிலிருந்து. புதிதாகக் கிடைப்பவருக்கும் 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் இருக்கும். நீங்கள் தாமதித்த பத்து நாள், அந்தத் துறைத் தலைவருக்கு நான்கு மாதம் காலியான நாற்காலியாகப் போய் முடியும்.

அதனால்தான் சொல்கிறேன்: நல்லெண்ணம் கடிதத்தின் சொற்களில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் தேதியில் இருக்கிறது. சுமாரான நடையில் சனிக்கிழமை வந்த கடிதம், அழகான நடையில் அடுத்த வியாழக்கிழமை வந்த கடிதத்தைவிட எங்களுக்கு இனிப்பாக இருந்திருக்கிறது.

முதல் வழியை, அதாவது மௌனத்தை, இதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒருவர் ஆஃபரை ஒப்புக்கொண்டு, புகைப்படம் அனுப்பி, சேரும் நாளன்று வரவில்லை. அடையாள அட்டை அச்சாகிவிட்டது. கணினி ஒதுக்கியாகிவிட்டது. வாசலில் காவலரிடம் பெயர் கொடுத்து வைத்திருந்தோம். காலை ஒன்பது முதல் அவருடைய போன் அணைக்கப்பட்டிருந்தது. பத்தரை மணிக்கு அந்த அட்டையை என் மேசை இழுப்பறையில் போட்டேன். அந்த வேலையை விட்டுப் போகும்வரை அது அங்கேயே கிடந்தது. அந்த முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. ஆள் எடுக்கிறவர்கள் ஒரே ஊரில், ஒரே தொழிலில் சுற்றிச் சுற்றி வருகிறவர்கள் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வழி, இரண்டு வரிக் கடிதம். "தங்கள் ஆஃபருக்கு நன்றி. தனிப்பட்ட காரணங்களால் என்னால் ஏற்க இயலவில்லை." இதில் தவறு ஒன்றுமில்லை. உங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் ஒரே ஒரு போன் நேர்காணல்தான் நடந்தது, முகம்கூடப் பார்க்கவில்லை என்றால் இதுவே போதும். அதற்கு மேல் எழுதினால் கொஞ்சம் செயற்கையாகக்கூட இருக்கும். ஆனால் என் அக்கா மகள் விஷயத்தில் துறை மேலாளர் ஒருவர் அரை நாள் ஒதுக்கி அவளுக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். பதவிக்கு ஒதுக்கியிருந்த தொகைக்கு மேல் சம்பளம் தர, தன் மேலதிகாரியிடம் போய் அனுமதி வாங்கி வந்திருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு "தனிப்பட்ட காரணங்கள்" என்று எழுதினால், கதவை முகத்தில் சாத்தியது போலத்தான். அவர் தன் மேலதிகாரியிடம் என்ன சொல்வார்? "அந்தப் பெண் ஏன் வரவில்லை?" என்று கேட்டால் அவர் கையில் ஒரு பதில் இருக்க வேண்டும். காரணம் சொல்வது உங்கள் மனச்சாட்சிக்காக அல்ல, அவருடைய அந்த ஒரு நிமிடத்துக்காக.

மூன்றாவது வழிக்கு வருவோம். அவள் எழுதிய நீண்ட கடிதத்தை எனக்கு அனுப்பினாள். அதிலிருந்து ஒரு பகுதி:

"தங்கள் நிறுவனம் மிகச் சிறந்தது. இந்த வாய்ப்பைத் தவறவிடுவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. நெடுநேரம் யோசித்தேன். எனினும், தங்கள் இடத்தில் நான் செய்யவிருக்கும் பணி பெரும்பாலும் ஏற்கெனவே உள்ள மாடல்களின் வரைபடங்களைத் திருத்துவது என்று தெரிந்தது. மேலும் என் கணவருக்குக் கோவையில் வேலை. ஒரகடம் பக்கம் வீட்டு வாடகையையும் கணக்கிட்டால் சம்பள வித்தியாசம் பெரிதாக இல்லை. எதிர்காலத்தில் கட்டாயம் தங்களுடன் பணிபுரிவேன் என்று உறுதி கூறுகிறேன்."

ஒவ்வொரு வாக்கியமும் உண்மைதான், அந்த "உறுதி கூறுகிறேன்" தவிர. ஆனால் இந்தக் கடிதத்தை நான் வாங்கியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அவளுக்குச் சொன்னேன். முதல் மூன்று வாக்கியங்களைத் தாண்டிக் குதித்திருப்பேன். வேதனைப்படுகிறவர் மறுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். வரைபடத் திருத்தம் பற்றிய வரியில் நின்றிருப்பேன், முகம் சுளித்திருப்பேன். அந்த வேலையைப் பத்து ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கும் நாலு பேர் அந்தத் துறையில் இருப்பார்கள். மேலாளரே அங்கிருந்து வந்தவராக இருக்கலாம். வாடகை வரியைப் பார்த்ததும் எச்.ஆர் புத்தி விழித்துக்கொள்ளும்: "ஓ, பணம்தான் விஷயம். அரை லட்சம் கூட்டித் தந்தால் வந்துவிடுவார்." உடனே போன் வரும், பேரம் தொடங்கும். கணவரைப் பற்றிய வரிக்கு, "அவருக்கும் சென்னையில் வேலை பார்த்துத் தரலாமே" என்று ஒரு பதில் வரும். விளக்கம் கூடக்கூட, மறுப்பு விவாதமாகிவிடுகிறது. ஒவ்வொரு காரணமும் எதிராளிக்கு நீங்கள் நீட்டும் ஒரு கைப்பிடி.

இங்கேதான் காரணத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை வருகிறது. மொத்த விஷயத்தில் இதுதான் கடினமான பகுதி என்பது என் எண்ணம்.

நம் ஊரில் ஆயத்தமாக ஒரு காரணம் இருக்கிறது: குடும்பச் சூழ்நிலை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டில் சம்மதிக்கவில்லை. இதை அவ்வளவு பேர் எழுதியிருக்கிறார்கள். நிஜமாகவே அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதவரைக்கூட யாரும் இப்போது நம்புவதில்லை. பொய் என்றால் அது அதிக நாள் தாங்குவதும் இல்லை. இரண்டு மாதத்தில் நீங்கள் புதிய வேலையில் சேர்ந்த செய்தியை லிங்க்ட்இன்னில் போடுவீர்கள், அது முதலில் போய் நிற்பது அந்த எச்.ஆரின் திரையில்தான். மறுத்ததற்காக யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்வதில்லை. கதை கட்டியதற்குக் கோபித்துக்கொள்வார்கள்.

சம்பளம் இன்னொரு காரணம். இதில் ஒரே கேள்விதான்: அவர்கள் கூட்டித் தந்தால் போவீர்களா? போவேன் என்றால் நீங்கள் எழுத வேண்டியது மறுப்புக் கடிதமே அல்ல. திங்கட்கிழமைக்கு முன் பேரம் பேச வேண்டும், நேராகத் தொகையைச் சொல்லி. போக மாட்டேன் என்றால் சம்பளம் என்ற சொல்லே கடிதத்தில் வரக்கூடாது. வந்தால் அவர்கள் மெனக்கெட்டு மேலிடத்தில் அனுமதி வாங்கி வருவார்கள், அதையும் நீங்கள் மறுக்க வேண்டியிருக்கும். இரண்டாவது மறுப்புதான் உறவைக் கெடுப்பது.

அவளிடம் இருந்த உண்மையான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். ஒரகடத்து வேலையின் தன்மை பிடிக்கவில்லை. கணவர் கோவையில். வாடகை. புதிய இடத்தின் தலைமைப் பொறியாளரிடம் வேலை கற்றுக்கொள்ள ஆசை. பம்புத் துறையில் ஆறு ஆண்டு சேர்த்த அனுபவத்தை விட்டுவிட்டு வாகனத் துறைக்குப் போக மனமில்லை. இவற்றில் எது அந்த நிறுவனத்தால் மாற்ற முடியாதது, அதே நேரத்தில் அதைக் குறை சொல்லாதது? கடைசிக் காரணம் மட்டும்தான். அவர்கள் சம்பளத்தைக் கூட்டலாம், பதவிப் பெயரை மாற்றலாம். ஆனால் பம்பு செய்யத் தொடங்க மாட்டார்கள். அவள் பம்புத் துறையில் தொடர விரும்புவதில் அவர்களுக்கு எந்த அவமானமும் இல்லை. உண்மைகளில் எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பது பொய் ஆகாது. மற்றவை அவளுடைய வீட்டு விஷயம்.

அடுத்து, எப்போது. வெள்ளிக்கிழமை காலையே அழைத்துவிடலாமா, சனிக்கிழமை கோவைக் கடிதம் கைக்கு வரும்வரை காத்திருக்கலாமா என்று ஒரு கேள்வி எழுந்தது. தேதிதான் முக்கியம் என்று நானே சொன்னேன். ஆனாலும் இங்கே காத்திருக்கச் சொன்னேன். வாய்மொழி ஆஃபர் ஆஃபர் அல்ல. சம்பளம், பதவி, சேரும் தேதி மூன்றும் எழுத்தில் வராமல் கையில் இருப்பதை விட்டால், நடுத்தெருவில் நிற்கும் ஆபத்து உங்களுக்குத்தான். நிறுவனங்களும் வாக்குத் தவறுகின்றன. கல்லூரி வளாகத்தில் தேர்ந்தெடுத்த பிள்ளைகளைப் பெரிய ஐடி நிறுவனங்கள் 2022-23இல் மாதக்கணக்கில் காத்திருக்க வைத்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். திங்கட்கிழமை வரை அவர்களே தந்த அவகாசம். அதற்குள் எப்போது சொன்னாலும் நீங்கள் நேர்மையாக இருக்கிறீர்கள். சனிக்கிழமையும் கடிதம் வரவில்லை என்றால், ஒரகடத்துக்காரர்களிடம் இன்னும் இரண்டு நாள் கேட்கலாம். கேட்பது தவறில்லை, பலர் தருவார்கள்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. காப்பீடு போல இதையும் ஒப்புக்கொண்டு வைத்துக்கொள்வது, பிறகு கடைசி வாரத்தில் கைவிடுவது. இப்படிச் செய்கிறவர்கள் ஏராளம். அவர்களுடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்ட அன்றே இரண்டாமவருக்கு வருத்தக் கடிதம் போய்விடுகிறது.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கோவைக் கடிதம் வந்தது. தொகை சரியாக இருக்கிறதா, சேரும் தேதி 60 நாள் நோட்டீஸுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்தோம். ஒரகடத்தில் அன்று வேலை நாள். யாரை அழைப்பது? ஆஃபர் லெட்டர் எச்.ஆரிடமிருந்து வந்தது, ஆனால் அவளுக்காக மேலிடத்தில் பேசியவர் துறை மேலாளர். முதல் போன் அவருக்குத்தான் என்றேன். எச்.ஆர் மூலம் அவர் காதுக்குப் போனால், "என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா" என்று தோன்றும். எச்.ஆருக்கு அப்படித் தோன்றாது. ஆஃபர் வாங்கியவர்களில் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று அவரிடம் மாதாமாதம் கணக்குக் கேட்பார்கள். அந்தக் கணக்கு கொஞ்சம் குறையும் என்பதுதான் அவர் கவலை.

போன் பேசுவதற்கு அவள் பயந்தாள். கடிதம் எழுத விரும்புகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பயத்தால்தான் எழுதுகிறார்கள். போனில் மடக்கிவிடுவார்கள், சமாதானம் சொல்லிச் சம்மதிக்க வைத்துவிடுவார்கள் என்ற பயம். அது நியாயமானதும்கூட. "இல்லை" என்று குரலில் சொல்லத் தெரியாதவர் கடிதத்தை முதலில் அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து அழைப்பது நல்லது. முடிவு ஏற்கெனவே எழுத்தில் இருப்பது கைக்கு ஒரு ஊன்றுகோல். அவளுக்கு அது தேவைப்படவில்லை. மதியம் பன்னிரண்டு மணிக்கு அழைத்தாள், நான் பக்கத்தில் இல்லை. பேசியதைப் பிறகு சொன்னாள்.

"சார், இரண்டு நிமிடம் பேசலாமா? ஆஃபர் விஷயமாக. யோசித்துப் பார்த்தேன் சார், என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அழைத்தேன்."

சிறிது நேரம் அவர் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "சம்பளம் என்றால் சொல்லுங்கள் அம்மா, பேசிப் பார்க்கிறேன்" என்றிருக்கிறார். எதிர்பார்த்ததுதான். அவள், "சம்பளம் காரணம் இல்லை சார். ஆறு வருடமாகப் பம்பில் இருக்கிறேன். அந்தத் துறையிலேயே தொடர ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது" என்றாள். "எந்த நிறுவனம்?" என்று கேட்டிருக்கிறார். இதற்கும் நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். போட்டி நிறுவனமாக இருந்தால் சேரும்வரை பெயர் சொல்லாமல் இருப்பது நல்லது. இங்கே இரண்டும் வேறு வேறு துறை, மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அவள் "சேர்ந்த பிறகு நானே சொல்கிறேன் சார்" என்று நிறுத்திக்கொண்டாள். அவளுடைய இப்போதைய நிறுவனத்தில் இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை. செய்தி ஒரகடத்திலிருந்து கோவைக்கு ஒரே நாளில் வந்துவிடும். அதையும் கணக்கில் வைத்திருந்தாள் என்பது எனக்குப் பிடித்திருந்தது. மொத்தம் நான்கு நிமிடம்.

அரை மணி நேரத்தில் கடிதம் போனது. ஆஃபர் வந்த அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக, எச்.ஆருக்கு முகவரியிட்டு, மேலாளருக்கு நகலோடு. புதிய மின்னஞ்சலாக அனுப்பினால் பழையதோடு சேராமல் எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். அலுவலகத்து மொழி ஆங்கிலம் என்பதால் கடிதமும் ஆங்கிலத்தில்தான் போனது. அதைத் தமிழில் தருகிறேன். எந்த மொழியில் எழுதினாலும் வரிசை இதுதான்.

"வணக்கம். வடிவமைப்புப் பொறியாளர் பணிக்கு வியாழக்கிழமை தாங்கள் அனுப்பிய ஆஃபருக்கு நன்றி. யோசித்துப் பார்த்ததில், இந்த ஆஃபரை ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். ஆறு ஆண்டுகளாகப் பம்பு வடிவமைப்பில் பணியாற்றுகிறேன். அதே துறையில் தொடரவே விரும்புகிறேன். இன்று மதியம் மேலாளரிடமும் போனில் தெரிவித்துவிட்டேன். நேர்காணலின்போது அவர் அசெம்பிளி லைனை நேரில் காட்டி, வார்ப்புக் குறைகளை வடிவமைப்பிலேயே எப்படித் தவிர்க்கிறார்கள் என்று விளக்கியது எனக்குப் பயனாக இருந்தது. அந்த நேரத்துக்காக அவருக்கு என் நன்றி. அன்புடன்."

இதில் இரண்டு இடங்களைக் கவனித்துப் பாருங்கள். ஒன்று, "ஏற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்". முதலில் அவள் "இப்போதைக்கு ஏற்க இயலாத நிலையில் இருக்கிறேன்" என்றுதான் எழுதியிருந்தாள். மரியாதையாகத் தோன்றும், ஆனால் எச்.ஆர் அதை "பிறகு ஏற்பார்" என்று படிப்பார், கெடுவை நீட்டித்து ஒரு பதில் அனுப்புவார். அதற்கு மீண்டும் மறுக்க வேண்டும். முடிவைச் சொல்லும் வாக்கியம் மட்டும் வழவழப்பாக இருக்கக்கூடாது. மற்ற வாக்கியங்கள் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் சரி. இரண்டாவது, நன்றி. "தங்கள் நிறுவனம் மிகச் சிறந்தது" என்பதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். வார்ப்புக் குறை பற்றி அவர் விளக்கியதை அவருக்கு மட்டும்தான் எழுத முடியும். மறுப்புக் கடிதத்தில் நல்லெண்ணம் என்று சொற்களால் ஏதாவது செய்ய முடியும் என்றால், அது இந்த ஒரு வாக்கியத்தில்தான். உங்களுக்கு அப்படி ஒரு சம்பவம் நினைவுக்கு வரவில்லை என்றால், எதையாவது புனைய வேண்டாம்; நேரம் ஒதுக்கியதற்கு நன்றி என்று விட்டுவிடுங்கள்.

எதிர்காலத்தில் சேர்வேன் என்ற வரியை எடுத்துவிட்டோம். அதை எல்லோரும் எழுதுகிறார்கள், யாரும் படிப்பதில்லை.

இதெல்லாம் ஆஃபரை இன்னும் ஒப்புக்கொள்ளாதவருக்கு. கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிறகு மனம் மாறினால் எடை மாறுகிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, உங்கள் சம்மதம் அவர்களைச் சேரும் முன்தான் அதைத் திரும்பப் பெற முடியும். சம்மதம் போய்ச் சேர்ந்துவிட்டால் ஒப்பந்தம் உருவாகிவிட்டது. அதற்காக உங்களை இழுத்து வந்து வேலை செய்ய வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவிடாது. தனிமனிதத் திறமையைச் சார்ந்த ஒப்பந்தத்தை அப்படி நிறைவேற்றச் சொல்ல முடியாது. ஆனால் கடிதத்தில் நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளைப் படித்துப் பார்க்க வேண்டும். முன்பணமாக ஜாய்னிங் போனஸ் வாங்கியிருந்தால், வீடு மாற்றும் செலவு வாங்கியிருந்தால், "இத்தனாம் தேதிக்குள் திருப்பி அனுப்பிவிடுகிறேன்" என்று தேதியோடு கடிதத்திலேயே எழுத வேண்டும். இந்த நிலையில் போன் பேசுவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. கட்டாயம் பேச வேண்டும். "முடிவு செய்திருக்கிறேன்" என்பதற்கு முன், "ஒப்புக்கொண்ட பிறகு இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும், உங்களுக்கு ஏற்படும் சிரமம் எனக்குத் தெரியும்" என்று ஒரு வாக்கியம் வர வேண்டும். ஒரே ஒரு முறை. மூன்று முறை மன்னிப்புக் கேட்டால், உங்களை ஆறுதல்படுத்த வேண்டிய பொறுப்பும் அவர் தலையில் விழுகிறது. கடிதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இந்த வழியில் பழைய நல்லெண்ணம் முழுதாக மிஞ்சாது என்பதையும் தெரிந்துகொண்டுதான் செய்ய வேண்டும். அதே நிறுவனத்தில் மீண்டும் விண்ணப்பித்தால், முன்பு ஒப்புக்கொண்டு வராதவர் என்ற குறிப்பு உங்கள் பெயருக்கு எதிரே இருக்கும்.

கன்சல்டன்சி வழியாக வந்த வேலை என்றால் இன்னொரு ஆளும் நடுவில் இருக்கிறார். நீங்கள் சேர்ந்தால்தான் அவருக்குக் காசு. பல இடங்களில் உங்கள் ஆண்டுச் சம்பளத்தின் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அதனால் உங்கள் மறுப்பை நிறுவனத்துக்குச் சொல்லாமல் இரண்டு நாள் வைத்துக்கொண்டு, உங்களை மனம் மாற்றப் பார்ப்பார். அவர் மேல் குற்றமில்லை, அவருடைய பிழைப்பு அது. ஆனால் அந்த இரண்டு நாள் தாமதம் உங்கள் பெயரில்தான் எழுதப்படும். அவரிடம் முதலில் சொல்லுங்கள், சொன்ன ஒரு மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குக் கடிதத்தை நேரடியாக அனுப்பி, அவருக்கு நகல் போடுங்கள். அவரைத் தாண்டிப் போய் நிறுவனத்திடம் முதலில் சொன்னால் அவரோடு உறவு கெடும். அவரை மட்டும் நம்பினால் நிறுவனத்தோடு உறவு கெடும். இந்த ஒரு மணி நேரம் இரண்டையும் காப்பாற்றும்.

அடுத்த வியாழக்கிழமை மீண்டும் அழைத்தாள், குரலில் பதற்றம். ஒரகடத்திலிருந்து, சான்றிதழ்களைப் பதிவேற்றுமாறு நினைவூட்டல் வந்திருக்கிறது. அப்படியென்றால் கடிதத்தை யாரும் பார்க்கவில்லையா? சிரிப்பு வந்தது எனக்கு. அந்த நிறுவனத்தின் ஆள்சேர்ப்புத் தளத்தில் ஆஃபர் இன்னும் திறந்தே கிடந்தது. கடிதத்தை மனிதர்கள் படித்துவிட்டார்கள், இயந்திரம் படிக்கவில்லை. உள்ளே போய் Decline என்ற பொத்தானை அழுத்தச் சொன்னேன். காரணம் தேர்ந்தெடுக்க ஒரு பட்டியல் விரிந்ததாம்: சம்பளம், இடம், குடும்பம், வேறு வேலை, மற்றவை. பம்பு என்று இல்லை. "மற்றவை" என்று போட்டு, கீழே ஒரு வரியில் கடிதத்தில் எழுதியதையே எழுதினாள். இரண்டு இடத்தில் இரண்டு காரணம் இருக்கக்கூடாது.

மேலாளரின் பதில் அதற்கு முன்பே, சனிக்கிழமை இரவே வந்திருக்கிறது. நான் கேட்ட பிறகுதான் காட்டினாள். "சீக்கிரம் சொன்னதற்கு நன்றி. இன்னொருவரிடம் இன்று மாலையே பேசிவிட்டோம். உங்களுக்குத் தெரிந்த நல்ல வடிவமைப்பாளர் யாராவது இருந்தால், அடுத்த மாதம் இன்னொரு இடம் திறக்கிறது." அவளுக்குக் கல்லூரித் தோழி ஒருத்தி நினைவுக்கு வந்திருக்கிறாள். உடனே எண்ணை அனுப்பிவிடாமல், முதலில் அந்தத் தோழியிடம் கேட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமை அனுப்பினாளாம்.

"அந்தப் பெண்ணுக்கு ஆஃபர் வந்தால், அவளுக்கும் பிடிக்காமல் போனால் என்ன செய்வது மாமா?" என்று கேட்டாள்.

"திங்கட்கிழமைக்கு முன்னால் போன் பண்ணச் சொல்" என்றேன்.